கேமராவில் மொழிபெயர்த்த அபராதக் கடிதம்: செலவு 350 யூரோவா, கடைசித் தேதி எது?

நெடுஞ்சாலை | 11 மார்ச் 2025, இரவு 9:10

ஜெர்மனிக்கு வந்தது போன அக்டோபரில்தான். பேச்சு ஜெர்மன் ஓரளவு சமாளிப்பேன், அரசாங்கக் கடிதம் என்றால் கை விரிப்புதான். இப்போது மஞ்சள் கவரில் ஒன்று வந்திருக்கிறது. ஊர் எல்லைக்குள் வேகமாக ஓட்டியதற்கு அபராதம் என்பது வரை புரிகிறது. முன்பக்கத்தை போனில் படம் எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டேன். வந்தது இதுதான், அப்படியே தருகிறேன்:

"குற்றம் நடந்த நாள் ஏப்ரல் 12, 2024. அனுமதி 50. வேகம் (சகிப்புக்குப் பின்) 74. அபராதம் 115.00 யூரோ. கட்டணம் 25.00 யூரோ. செலவுகள் 350 யூரோ. மொத்தம் 143.50 யூரோ. விநியோகித்த இரண்டு வாரங்களுக்குள் எதிர்ப்பு இல்லாவிட்டால் சட்ட சக்தி. சட்ட சக்திக்குப் பின் இரண்டு வாரங்களில் செலுத்தவும். கட்டாயச் சிறை."

கடைசி இரண்டு சொல்லைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

கடிதத்தின் மேலே 26.02.2025 என்று தேதி. கவரில் பேனாவால் 07.03.25 என்று எழுதியிருக்கிறது. நான் வெளியூர் போயிருந்தேன், 4ஆம் தேதி செவ்வாய் திரும்பி வந்துதான் பெட்டியிலிருந்து எடுத்தேன். கவர் தேதியிலிருந்து இரண்டு வாரம் என்றால் 21ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது, சரிதானே? மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்? ஜனவரியில் ஏதோ ஒரு படிவம் சாதாரண வெள்ளைக் கவரில் வந்தது, அதை நான் கண்டுகொள்ளவில்லை.

சட்டம்பேசி | 11 மார்ச், இரவு 9:31

தம்பி, ஒரு பைசா கட்டாதீங்க. ஜெர்மனியில் போக்குவரத்து மீறலுக்கு மூன்று மாதத்தில் காலாவதி. குற்றம் நடந்தது ஏப்ரல் 2024, கடிதம் போட்டது பிப்ரவரி 2025. பத்து மாதம்! ஆட்சேபம் எழுதி "காலாவதி ஆகிவிட்டது" என்று ஒரு வரி போட்டால் வழக்கே முடிந்தது. வக்கீல்கூட வேண்டாம்.

பிக்சல் | 11 மார்ச், இரவு 9:44

சட்டம் எனக்குத் தெரியாது, கூட்டல் தெரியும். 115, 25, 350 மூன்றையும் கூட்டினால் 490. ஆப்போ மொத்தம் 143.50 என்கிறது. 143.50இல் 115ஐயும் 25ஐயும் கழித்தால் மிச்சம் 3.50. ஆக அந்தச் செலவு மூன்றரை யூரோதான். அங்கே தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். 3,50 என்று அச்சாகியிருக்கும். அந்த இடத்தில் காகிதம் மடிந்திருக்கிறதா பாருங்கள். மடிப்பின் நிழலில் காற்புள்ளி முழுகிவிட்டால் ஆப்புக்கு அது 350தான்.

மற்ற மூன்று தொகையிலும் ஒழுங்காகப் புள்ளியாக மாற்றியிருக்கிறது, இதில் மட்டும் கோட்டை விட்டிருக்கிறது. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. எல்லாமே தப்பாக வந்திருந்தால் நீங்களே உஷாராகியிருப்பீர்கள்.

தேன்மொழி | 11 மார்ச், இரவு 10:02

பயப்படாதீங்க, முப்பது நாள் டைம் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி வந்தது, ஓவர் ஸ்பீடுதான், முப்பது நாளைக்குள்ள கட்டினா போதும்னு போட்டிருந்தது. கட்டினோம், முடிஞ்சுது. இப்ப எனக்கே ஒண்ணு வந்திருக்கு, அதையும் மாசக் கடைசில கட்டிக்கலாம்னு வெச்சிருக்கேன். நாங்க சுவிஸ்ல இருக்கோம்.

பழசு | 11 மார்ச், இரவு 10:20

தங்கச்சி, சுவிஸ் வேற, ஜெர்மனி வேற. அந்த முப்பது நாளை இதுக்குள்ள கொண்டு வராதீங்கோ, பெடியன் நம்பிப் போடுவான்.

தம்பி நெடுஞ்சாலை, நான் இங்க கனகாலம் இருக்கிறன், இந்த மஞ்சள் கவர் எனக்குப் புதுசில்லை. ஒண்டு மட்டும் விளங்கேல்லை. 4ஆம் திகதி நீங்கள் கையில எடுத்த கடிதத்தை, தபால்காரன் 7ஆம் திகதி எப்பிடிப் பெட்டிக்குள்ள போட்டிருப்பான்?

அது 07 இல்லை, 01. இங்க உள்ள ஆக்கள் 1ஐ எழுதேக்க முன்னுக்கு நீளமா ஒரு கோட்டைக் கீழ இருந்து மேல இழுத்துத்தான் இறக்குவினம். எங்கட கண்ணுக்கு அது அச்சு அசல் 7. அவையள் 7 எழுதினா நடுவில குறுக்கால ஒரு சின்னக் கோடு இருக்கும். கவரை எடுத்துப் பாருங்கோ, குறுக்குக் கோடு இருக்கோ இல்லையோ?

நெடுஞ்சாலை | 11 மார்ச், இரவு 10:41

அண்ணா, குறுக்குக் கோடு இல்லை. அதே கவரில் என் அஞ்சல் குறியீட்டில் ஒரு 7 இருக்கிறது, அது அச்சு என்பதால் ஒப்பிட முடியவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை, 4ஆம் தேதி நிச்சயம் கையில் எடுத்துவிட்டேன். அப்படியானால் 01.03.

மடிப்பும் பிக்சல் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. விரித்துப் பார்த்தால் 3,50.

சட்டம்பேசி சார், ஒரு விஷயம் இடிக்கிறது. 2024 ஏப்ரலில் நான் இந்த நாட்டிலேயே இல்லையே. அப்படியென்றால் வேறு யாருடைய அபராதமோ எனக்கு வந்துவிட்டதா? அதையும் எழுதி ஆட்சேபிக்கலாமா?

எழுத்தாணி | 11 மார்ச், இரவு 11:35

ஒரு ஆலோசனை மையத்தில் இப்படிப்பட்ட கடிதங்களைத்தான் தினமும் படித்துச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆட்சேபிக்கலாமா வேண்டாமா என்பதற்குள் போக மாட்டேன். காகிதத்தில் என்ன இருக்கிறது, எது இல்லை என்பது மட்டும்.

முதலில் அந்த ஏப்ரல் 12. கடிதத்தை எடுத்து, அதே வரியில் அச்சாகியிருக்கும் எண்களை மட்டும் பாருங்கள். 04.12.2024 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே முதலில் நாள், அடுத்து மாதம். அது டிசம்பர் 4. ஆப் மாதத்தை முன்னால் எடுத்துக்கொண்டு ஏப்ரல் 12 ஆக்கிவிட்டது. எண்ணை எண்ணாகவே விட்டிருந்தால் நீங்களே சரியாகப் படித்திருப்பீர்கள். மாதத்தின் பெயராக மாற்றியதும் சந்தேகப்பட வழியே இல்லாமல் போய்விட்டது. 12ஆம் தேதிக்கு மேற்பட்ட நாட்களில் இந்தக் குளறுபடி வராது, 13ஆவது மாதம் கிடையாதே. அதனால்தான் கடிதத்தின் மேலே உள்ள 26.02 ஒழுங்காக வந்திருக்கிறது.

காலாவதி வாதமும் அதோடு போகிறது. டிசம்பர் 4க்கும் பிப்ரவரி 26க்கும் இடையே மூன்று மாதம் ஆகவில்லை. போதாததற்கு, ஜனவரியில் வந்த அந்த வெள்ளைக் கவர் பெரும்பாலும் "உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்" என்று கேட்கும் விசாரணைப் படிவம். அது உங்கள் பெயருக்குப் போட்டதாக இருந்தால், அனுப்ப உத்தரவிட்ட நாளிலேயே அந்த மூன்று மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். நீங்கள் பதில் போட்டீர்களா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது கடைசித் தேதி. இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள், ஏனென்றால் படம் எடுத்த பக்கத்தில் அந்தத் தேதியே கிடையாது. கடிதம் சொல்வது "சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து இரண்டு வாரம்". அவ்வளவுதான். எந்த நாளில் சேர்ப்பிக்கப்பட்டது என்று கடிதத்தை அச்சடித்த அலுவலகத்துக்கு அன்று எப்படித் தெரியும்? அதைத் தபால்காரர்தான் மஞ்சள் கவரின் மேல் எழுதுகிறார். கவரைக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே இருந்த தாளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கு என்னால் கடைசித் தேதியைச் சொல்லவே முடியாது.

உங்களிடம் நான்கு தேதிகள் கலந்து கிடக்கின்றன. கடிதத்தில் அச்சான 26.02 கணக்கில் வராது. நீங்கள் எடுத்த 4ஆம் தேதியும் கணக்கில் வராது. வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் பெட்டியில் போட்டுவிட்டாலே சேர்ப்பித்ததாக அர்த்தம், எப்போது திறந்தீர்கள் என்பது உங்கள் பாடு. 07.03 என்பது பழசு அண்ணா காட்டியபடி தப்பு. நிற்பது 01.03, சனிக்கிழமை.

சனிக்கிழமை சேர்ந்தது என்றால் இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை, அதாவது மார்ச் 15. கடைசி நாள் சனி, ஞாயிறு, விடுமுறை என்று விழுந்தால் அடுத்த வேலை நாள் முடியும் வரை நீளும். ஆக மார்ச் 17, திங்கள். உங்கள் ஆட்சேபம் அன்றைக்குள் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டால் ஆகாது.

21 என்று நம்பி 20ஆம் தேதி அனுப்பியிருந்தால் உங்கள் கதை முடிந்திருக்கும். பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். பெயர், முகவரி, கோப்பு எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு.

சட்டம்பேசி | 12 மார்ச், காலை 7:15

மூன்று மாதம் என்று நான் சொன்ன சட்டம் சரிதான். தேதியை ஆப் மாற்றிக் கொடுத்தால் நான் என்ன செய்ய முடியும்? சரி, அதை விடுங்கள்.

ஆனால் இரண்டு வாரத்தில் பணமும் கட்டியாக வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லையே. 17ஆம் தேதிக்குள் 143.50 போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் சிறை என்றுதானே போட்டிருக்கிறது.

நெடுஞ்சாலை | 12 மார்ச், காலை 7:50

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி 04.12.2024 என்றுதான் அச்சாகியிருக்கிறது. டிசம்பரில் வாடகைக் கார் எடுத்தது ஞாபகம் வருகிறது. ஆக என்னுடையதுதான். போன் மொழியை அமெரிக்க ஆங்கிலத்தில் வைத்திருக்கிறேன், அதனால் இருக்குமோ?

பின்பக்கம் படம் இணைத்திருக்கிறேன். நேற்றுவரை பின்பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது, மெல்லிய சாம்பல் எழுத்து. விளக்கு வெளிச்சம் பட்டு நடுவில் பளபளக்கிறது, மன்னிக்கவும். சிறை பற்றிய வரி அங்கேதான் விரிவாக இருக்கிறது போல.

பிக்சல் | 12 மார்ச், காலை 8:25

போன் மொழி காரணமா என்று தெரியவில்லை. என் போன் தமிழில்தான் இருக்கிறது, எனக்கும் ஒருமுறை தேதி புரண்டு வந்திருக்கிறது. காரணம் எதுவானாலும் வழி ஒன்றுதான். பெரும்பாலான ஆப்களில் மூல எழுத்தை மட்டும் தனியே நகலெடுக்க முடியும். அதை ஒரு பக்கம், தமிழை மறுபக்கம் வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சொற்களைப் பார்க்கவே வேண்டாம். மூலத்தில் 04.12.2024 இருந்து தமிழில் "ஏப்ரல்" என்று ஒரு பெயர் முளைத்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

ஆனால் 350 இப்படிப் பிடிபடாது. அது மொழிபெயர்ப்பில் வந்த தப்பு இல்லை, படத்தை எழுத்தாகப் படிக்கும்போதே வந்தது. மூல எழுத்திலும் 350 என்றுதான் இருக்கும். அதற்குக் காகிதத்தோடுதான் ஒப்பிட வேண்டும், அல்லது கூட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கேமராவை மேலே பிடித்து அசைத்துக்கொண்டே நேரலையில் படிக்காதீர்கள். கை அசையும்போது ஒரே எண் ஒவ்வொரு நொடியும் வேறு வேறாக மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். தாளை மேசையில் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து ஒரு படம். மடிப்பு இருந்தால் தாளைத் திருப்பி நிழல் வேறு பக்கம் விழுகிற மாதிரி இன்னொரு படம்.

எழுத்தாணி | 12 மார்ச், மதியம் 12:40

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டேன். நடுவில் பளபளக்கும் இடத்தில் ஒன்றரை வரி தெரியவில்லை, அதைச் சொல்கிறேன். உங்களுக்குத் தேவையான பகுதியின் தமிழ் இது:

"04.12.2024 அன்று ஊர் எல்லைக்குள் அனுமதிக்கப்பட்ட வேகத்தை மணிக்கு 24 கி.மீ. மீறினீர்கள். அனுமதிக்கப்பட்ட வேகம் 50. பதிவான வேகம் 77. கருவிப் பிழைக்கான கழிவு போக, உங்கள் மேல் சுமத்தப்படும் வேகம் 74.

அபராதம் 115,00 யூரோ. நடைமுறைக் கட்டணம் 25,00 யூரோ. அலுவலகம் செய்த செலவு 3,50 யூரோ. கட்ட வேண்டிய மொத்தம் 143,50 யூரோ. ஓட்டுநர் பதிவேட்டில் 1 புள்ளி.

இந்த ஆணை உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட பின் இரண்டு வாரத்துக்குள், கீழ்க்கண்ட அலுவலகத்தில் எழுத்து மூலமோ நேரில் சொல்லிப் பதிய வைத்தோ நீங்கள் ஆட்சேபிக்காவிட்டால், இது இறுதியாகி உங்களைக் கட்டுப்படுத்தும். ஆட்சேபம் அந்தக் காலத்துக்குள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தால்தான் செல்லும்.

ஆணை இறுதியான பின், இரண்டு வாரத்துக்குள் தொகையைச் செலுத்த வேண்டும். செலுத்த இயலாவிட்டால் அதே காலத்துக்குள் ஏன் இயலவில்லை என்பதைத் தெரிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால், [இங்கே ஒன்றரை வரி படத்தில் தெரியவில்லை] செலுத்த வைப்பதற்கான காவலுக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம்."

காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன். நீங்கள் தாளோடு ஒப்பிடும்போது எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். தெரியாத வரியை ஊகித்து நிரப்பவும் இல்லை. அங்கே என்ன இருக்கும் என்று எனக்கு நன்றாகவே ஊகிக்க முடியும், நூறு முறை பார்த்த வாசகம்தான். ஆனால் உங்கள் தாளில் அது இருப்பதை நான் பார்க்கவில்லையே. ஆப்புகள் இந்த இடத்தில் வெற்றிடம் விடுவதில்லை, எதையாவது சரளமாக எழுதிவிடும். படிக்க நன்றாக இருக்கும், அதுதான் தொல்லை.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். மொழிபெயர்ப்புக்குள் மார்ச் 17 என்று நான் எழுதவே இல்லை. அது கடிதத்தில் இல்லை. கடிதத்தில் இருப்பது விதி மட்டும், கவரில் இருப்பது தொடக்க நாள், 17 என்பது இரண்டையும் சேர்த்து நான் போட்ட கணக்கு. கணக்கை மொழிபெயர்ப்புக்குள் கலந்துவிட்டால், நாளைக்குக் கவர் தேதி வேறு என்று தெரிந்தால் எதைத் திருத்துவது என்றே தெரியாது. அதனால் எப்போதும் தனியாக, அடியில்: "கவரில் 01.03.25 என்று படிக்கிறேன், அதன்படி ஆட்சேபம் சேர வேண்டிய கடைசி நாள் 17.03.2025."

சட்டம்பேசி, 17க்குள் பணம் கட்ட வேண்டும் என்பது சரியில்லை. இரண்டு வாரங்கள் இரண்டு இருக்கின்றன, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்குகிறது. முதல் இரண்டு வாரம் ஆட்சேபத்துக்கு. அது யாரும் எதுவும் செய்யாமல் கழிந்தால் ஆணை இறுதியாகும். அதன் பிறகு பணத்துக்கு இரண்டு வாரம். ஆப் "சட்ட சக்தி" என்று கொடுத்தது இந்த இறுதியாவதைத்தான். அதைத் தாண்டிக் கண் ஓடிவிட்டால் இரண்டும் ஒரே கெடு மாதிரித்தான் தெரியும்.

சிறை பற்றி: கட்டவும் இல்லை, ஏன் கட்ட முடியவில்லை என்று சொல்லவும் இல்லை என்பவருக்கு, நீதிமன்றம் உத்தரவிட்டால். "இல்லாவிட்டால்", "லாம்" இரண்டும் உதிர்ந்து போனதால் உங்களுக்குத் தண்டனை கொடுத்துவிட்ட மாதிரி வந்திருக்கிறது.

பழசு | 12 மார்ச், மதியம் 1:30

தொகை சரிதான் எண்டு நானும் சொல்லுறன். ஊருக்குள்ள 21 இலயிருந்து 25 வரைக்கும் கூட ஓடினா 115 யூரோவும் ஒரு புள்ளியும், 2021 நவம்பரில கூட்டினவை. அதோட 25 கட்டணம், 3,50 தபாலுக்கு. 143,50 எண்ட தொகையை நான் எத்தினை பேரின்ர கடிதத்தில பாத்திருக்கிறன்.

தம்பி, ஆட்சேபம் போடுறதெண்டா சும்மா மின்னஞ்சல் அனுப்பிப் போட்டு இருக்காதீங்கோ. கூடுதலான இடங்களில அது செல்லாது எண்டு பின்பக்கத்திலயே எழுதியிருக்கும். நேரில போய்க் குடுத்தா முத்திரை குத்தி வாங்குங்கோ.

நெடுஞ்சாலை | 12 மார்ச், மாலை 5:45

ஆட்சேபிக்கப் போவதில்லை. ஓட்டியது நான், 77 ஓட்டியிருப்பேன் என்றும் நம்புகிறேன். கட்டிவிடலாம் என்றுதான் எண்ணம். அப்படியானால் பணத்துக்குக் கடைசித் தேதி என்ன? 17இலிருந்து இரண்டு வாரம், 31?

ஒருவேளை இந்த இழையைப் பார்க்காமல் 21 என்றே இருந்து, ஆட்சேபிக்கவும் விரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். "மொழி தெரியாது" என்று சொல்லியிருக்கலாமா?

எழுத்தாணி | 12 மார்ச், மாலை 6:20

கெடு தவறியவர்கள் முந்தைய நிலைக்குத் திரும்ப விண்ணப்பிக்க ஒரு வழி உண்டு. ஆனால் தவறியது தன் குற்றம் இல்லை என்று காட்ட வேண்டும், தடை நீங்கிய ஒரு வாரத்துக்குள் போட வேண்டும், ஆட்சேபத்தையும் கூடவே கொடுக்க வேண்டும். ஜெர்மன் தெரியாது என்பது மட்டும் தானாகவே காரணமாகிவிடாது. மஞ்சள் கவரில் ஏதோ அரசாங்கக் கடிதம் என்று தெரிந்த பிறகு, படித்துச் சொல்ல ஆள் தேடினீர்களா என்று கேட்பார்கள். "ஆப் தப்பாகச் சொன்னது" என்பதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன்.

பணத்துக்கு 31 இல்லை. 17ஆம் தேதி முழுவதும் உங்களுக்கு ஆட்சேபிக்கும் உரிமை இருக்கிறது. அது முடிந்து 18ஆம் தேதி பிறக்கும்போதுதான் ஆணை இறுதி. அங்கிருந்து இரண்டு வாரம்.

சட்டம்பேசி | 12 மார்ச், மாலை 6:48

அப்படியானால் ஏப்ரல் 1. இறுதியாகும் நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அடுத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். இதில் நான் உறுதி.

பிக்சல் | 12 மார்ச், மாலை 6:55

18 பிறக்கும் நொடியிலிருந்து என்றால் 18ம் முழு நாள்தானே. அதையும் சேர்த்து 14 நாள் எண்ணினால் மார்ச் 31 முடிவு. பார்க்கப் போனால் நெடுஞ்சாலை சொன்ன தேதியே சரி, காரணம்தான் வேறு.

எழுத்தாணி | 12 மார்ச், இரவு 7:30

31 இல்லை என்று நான் வேகமாகச் சொல்லிவிட்டேன், இரண்டு விதமாகவும் வாதிடலாம். அந்த ஒரு நாளுக்காக நான் வாதாட மாட்டேன். என்னிடம் வருபவர்களுக்கு இரண்டில் முந்தியதைத்தான் எழுதிக் கொடுப்பேன், அதிலும் பணம் அவர்கள் கணக்கில் ஏறும் நாள் என்று. தம்பி, 25, 26 வாக்கில் அனுப்பிவிடுங்கள்.

அனுப்பும்போது ஒன்று. வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் வங்கி ஆப்பே ஏற்காது, அந்த 22 எழுத்துக்குள்ளேயே சரிபார்ப்பு இலக்கம் இருக்கிறது. ஆனால் பணம் யாருக்காக என்று குறிப்பில் போடும் அந்த நீள எண்ணை உங்கள் வங்கி சரிபார்க்காது. 0க்குப் பதில் ஓ எழுத்து, 8க்குப் பதில் பி எழுத்து விழுந்தாலும் பணம் போய்விடும், போய் யார் பெயரிலும் சேராமல் நிற்கும். உங்களுக்கு நினைவூட்டல் கடிதம் வரும். அதை மொழிபெயர்ப்பிலிருந்து நகலெடுக்காதீர்கள். தாளைப் பார்த்து நீங்களே தட்டுங்கள், பிறகு கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்து ஒப்பிடுங்கள். பின்னாலிருந்து படிக்கும்போது கண் தானாக நிரப்பிக்கொள்ளாது.

தேன்மொழி, நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது உங்கள் கணவருக்கு வந்த அதே மாதிரிக் கடிதம்தானா? யார் அனுப்பியது?

தேன்மொழி | 12 மார்ச், இரவு 8:05

இல்லக்கா, அது போலீஸ்லேர்ந்து வந்தது, கட்டணச் சீட்டோட. இது பதிவுத் தபால். 3ஆம் தேதி திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மேல அரசு வழக்குரைஞர் அலுவலகம்னு ஆப் சொல்லுது. தொகை 1'200.00னு போட்டிருக்கு, நடுவுல மேல ஒரு கோடு. ஆப் அதை 1 ஃபிராங்க், 200 ஃபிராங்க்னு ரெண்டாப் பிரிச்சுக் காட்டுச்சு. நான் 200தான்னு நெனச்சேன். ஆனா கார் ஓட்டினதே நான் இல்ல, என் தங்கச்சி.

எழுத்தாணி | 12 மார்ச், இரவு 8:14

அது ஆயிரத்து இருநூறு. சுவிஸில் ஆயிரத்தை அந்த மேற்கோட்டால்தான் பிரிப்பார்கள், தசமத்துக்குப் புள்ளி.

தொகையை விடுங்கள். அரசு வழக்குரைஞர் அலுவலகத்திலிருந்து வந்தது என்றால் அது தண்டனை ஆணையாக இருக்கலாம். அதற்கு முப்பது நாள் கிடையாது, பத்து நாள். வேலை நாள் இல்லை, காலண்டர் நாள். 3ஆம் தேதி வாங்கினீர்கள் என்றால் நாளை 13 கடைசி. கடைசிப் பத்தியில் பத்து என்ற எண் இருக்கிறதா பாருங்கள். எண்ணாக இல்லாமல் சொல்லாகவும் இருக்கலாம்.

தேன்மொழி | 12 மார்ச், இரவு 8:19

இருக்கு. "10 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக"ன்னு வருது. தாளிலும் 10தான்.

எழுத்தாணி | 12 மார்ச், இரவு 8:27

அப்படியானால் இன்றிரவே எழுதுங்கள். காரணம் விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. கோப்பு எண், ஆணையின் தேதி, "இந்த ஆணையை ஆட்சேபிக்கிறேன்" என்ற ஒரு வரி, கையெழுத்து. தங்கை பெயரை அதில் எழுதாதீர்கள், அதை ஒரு வக்கீலிடம் பேசிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஜெர்மனி மாதிரி போய்ச் சேர வேண்டும் என்றில்லை, கடைசி நாளுக்குள் சுவிஸ் தபாலில் ஒப்படைத்தாலே போதும். நாளைக் காலை கவுண்டரில் நேராகக் கொடுங்கள், பதிவுத் தபால், ரசீதில் 13 என்று தேதி விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பெட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள்.

தேன்மொழி | 12 மார்ச், இரவு 8:31

எழுதிட்டு இருக்கேன். கோப்பு எண்ணை தாளைப் பாத்துத்தான் எழுதறேன்.